சோதனைப் பயத்துக்கு நித்திரைக் குளிசை ஏன் வேண்டாம், டொக்டர்மார் வேறு எதைப் பார்ப்பார்கள்

"தங்கச்சி ஏ/எல் உயிரியல் பிரிவு, இரண்டாம் தரம் எடுக்கிறா. போன முறை பௌதிகவியல் பகுதி ஒன்றில் கை நடுங்கி நெஞ்சு படபடத்து, தெரிந்த கேள்வியே ஓடவில்லை. அம்மம்மாவுக்குக் கிளினிக்கில் கொடுத்த டயசிபாம் 5 மி.கி. குளிசை வீட்டில் இருக்கு. முதல் நாள் இரவு பாதி, காலமை பாதி கொடுக்கலாமா? எனக்கும் அடுத்த மாதம் வங்கி இன்டர்வியூ, நானும் போடலாமா?"

கொடுக்க வேண்டாம். பாதியும் வேண்டாம், கால்வாசியும் வேண்டாம், நீங்களும் போட வேண்டாம். நான் யாழ்ப்பாணத்தில் குடும்ப வைத்தியராக இருக்கிறேன். ஏ/எல் நெருங்குகிற காலத்தில் அம்மாமாரும் அக்காமாரும் இதே கேள்வியோடு வருவார்கள், சிலர் கொடுத்துப் பார்த்துவிட்டே வருவார்கள். "வேண்டாம்" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் வீட்டுக்குப் போய்க் கொடுத்துவிடுவார்கள் என்று தெரிந்ததால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

டயசிபாம், அல்பிரசோலாம், குளோனசிபாம், லோரசிபாம் எல்லாம் பென்சோடயசிபீன் என்ற ஒரே குடும்பம். மூளையில் காபா என்றொரு பொருள் இருக்கிறது. நரம்புக் கலங்கள் அளவுக்கு மீறித் தூண்டப்படாமல் அடக்கி வைப்பது அதன் வேலை. இந்தக் குளிசைகள் காபாவின் கையைப் பலப்படுத்துகின்றன. பயம் குறைவது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பயத்தை உண்டாக்கும் பகுதியை மட்டும் தேடிப்போய் அடக்குவதற்கு அந்தக் குளிசைக்குத் தெரியாது. கவனம், கணக்கை மனதில் பிடித்து வைத்திருக்கிற வேலை, பதில் சொல்லும் வேகம், புதிதாக ஒன்றை நினைவில் பதிக்கும் வேலை எல்லாம் சேர்ந்தே மங்கும்.

இதில் நினைவுக்கு நடப்பதுதான் சோதனை எழுதுகிற பிள்ளைக்கு மிகப் பெரிய நட்டம். இதே குடும்பத்தில் மிடசோலாம் என்றொரு மருந்து இருக்கிறது. வயிற்றுக்குள் கமரா விட்டுப் பார்க்கும்போது ஊசியாகப் போடுவார்கள். ஆள் முழு மயக்கத்தில் இருக்கமாட்டார், சொன்னதைக் கேட்டுத் திரும்பிக்கூடப் படுப்பார், ஆனால் பிறகு கேட்டால் ஒன்றும் ஞாபகம் இருக்காது. நோயாளிக்கு அந்த அனுபவம் நினைவில் நிற்காமல் போவதும் அந்த மருந்தைத் தெரிவு செய்வதற்கு ஒரு காரணம். டயசிபாம் குளிசையில் இந்த விளைவு அதைவிட மெல்லியது, ஆனால் திசை ஒன்றுதான். முன்பு படித்துப் பதிந்ததை அது பெரிதாக அழிக்காது. குளிசை வேலை செய்கிற நேரத்தில் படிப்பதுதான் சரியாகப் பதியாது. ஏ/எல் பிள்ளைகள் ஒரு பேப்பர் முடிந்து அடுத்த பேப்பருக்கு இடையில் கிடைக்கிற நாட்களில்தான் விழுந்து விழுந்து படிப்பார்கள். அந்த நாட்களில் இந்தக் குளிசை உடம்பில் இருந்தால், இரவிரவாக இரசாயனவியல் தாக்கங்களைப் புரட்டியது எதற்கு?

"இரவு பாதி, காலமை பாதி" என்பதையே கணக்காகப் போட்டுப் பார்ப்போம். டயசிபாம் உடம்பில் பாதியாகக் குறைய ஆளுக்கு ஆள் சுமார் 20 முதல் 50 மணித்தியாலம் வரை எடுக்கும். நடுவில் 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு பத்து மணிக்குப் போட்ட இரண்டரை மி.கி.யில் காலை எட்டரைக்கு இரண்டுக்குச் சற்று மேலே இன்னும் உடம்பில் இருக்கும். காலையில் இன்னொரு பாதி போட்டால் மண்டபத்துக்குள் போகும்போது நாலரை மி.கி.க்கு மேல். பாதிக் குளிசை என்று நினைத்துக் கொடுத்தது கிட்டத்தட்ட முழுக் குளிசை ஆகிவிட்டது. ஒன்று விட்டு ஒரு நாள் பேப்பர் வந்து, ஒவ்வொன்றுக்கும் இப்படியே கொடுத்தால் மூன்றாவது பேப்பரன்று ஏறக்குறைய ஏழரை மி.கி. உடம்பில் நிற்கும். இது டயசிபாமின் கணக்கு மட்டும்தான். ஈரல் அதை உடைத்து உண்டாக்குகிற பொருளும் அதே மாதிரித்தான் வேலை செய்யும், அது இதைவிட நீண்ட நேரம் தங்கும். குருதியிலிருந்து கொழுப்புக்குள் கொஞ்சம் போய்விடுவதால் மயக்கம் இந்த எண்களின்படி அப்படியே ஏறாது, ஆனால் சோதனைக் காலம் முழுக்கப் பிள்ளை அதிலிருந்து முழுதாக வெளியே வரவில்லை என்பது நிச்சயம்.

இன்னொரு வில்லங்கம், குளிசை போட்ட பிள்ளைக்குத் தான் மங்கியிருப்பது தெரியாது. வெளியே வந்து "அமைதியாக இருந்தேன், நல்லாச் செய்தேன்" என்று சொல்லும். பௌதிகவியல் பகுதி ஒன்றில் 50 கேள்விக்கு இரண்டு மணித்தியாலம், கேள்விக்கு இரண்டு நிமிடம் 24 விநாடி. அங்கே ஒவ்வொரு கேள்விக்கும் இருபது விநாடி மெதுவானால் கடைசி ஆறு கேள்விக்கு நேரமே இல்லை. அலகு மாற்ற மறந்தது, "தவறானது எது" என்பதைச் "சரியானது எது" என்று வாசித்தது போன்ற பிழைகளும் இருக்கும். பயத்தில் விடுகிற பிழையை உடனே உணரலாம், இந்த மாதிரிப் பிழையைப் பெறுபேறு வந்த பிறகுதான் உணர்வீர்கள்.

சிலருக்கு, மிகக் குறைவான பேருக்குத்தான், இந்தக் குளிசை எதிர்மாறாக வேலை செய்யும்: அமைதிக்குப் பதில் எரிச்சல், அழுகை, கட்டுப்பாடில்லாத பேச்சு. யாருக்கு அப்படி வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. குளிசை போட்டுவிட்டு ஸ்கூட்டியில் மண்டபத்துக்குப் போகிற பிள்ளையை நினைத்தால் எனக்கு அதைவிடப் பயம். இருமலுக்கோ நோவுக்கோ கொடீன் சேர்ந்த மருந்து எடுக்கிறவர்கள், மதுபானம் குடிக்கிறவர்கள் இதைச் சேர்த்து எடுத்தால் மூச்சே அடங்கலாம். அமெரிக்க மருந்து அதிகாரசபை அபின் வகை மருந்துகளோடு சேர்ப்பதைப் பற்றி 2016இல் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையைப் போட்டது. பழக்கமாகிவிடும் ஆபத்தைப் பற்றி 2020இல் இன்னொன்றைச் சேர்த்தது.

"சரி, டயசிபாம் வேண்டாம், பிரிட்டன் குளிசை போட்டுவிட்டுப் படுக்கட்டுமே" என்றும் கேட்பார்கள். தடிமனுக்குப் போடுகிற அந்தக் குளிசை எல்லா வீட்டிலும் இருப்பதால் தீங்கில்லாதது என்று ஒரு எண்ணம். அதுவும் மூளையை மந்தமாக்குகிற பழைய வகை ஒவ்வாமை மருந்துதான், அடுத்த நாள் காலையிலும் தூக்கம் தொங்கும். சோதனைக்கு முதல் நாள் அதுவும் வேண்டாம்.

நீண்ட காலத்தில் இன்னொரு தீங்கும் இருக்கிறது, இதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. பயப்படுகிற இடத்துக்குப் போய், பயத்தோடு இருந்து, அது தானாக இறங்குவதை உணரும்போதுதான் மூளை "இது தாங்கக்கூடியது" என்று படிக்கிறது. குளிசை போட்டால் அந்தப் பாடம் நடக்காது. விமானத்தில் போகப் பயப்படுகிற 28 பேரை வைத்து அமெரிக்காவில் ஒரு ஆய்வு செய்து 1997இல் வெளியிட்டார்கள். முதல் பயணத்தில் ஒரு பகுதியினருக்கு அல்பிரசோலாமும் மற்றவர்களுக்கு வெறும் குளிசையும் கொடுத்தார்கள். அல்பிரசோலாம் எடுத்தவர்கள் பயம் குறைவு என்று சொன்னார்கள், ஆனால் அவர்களுடைய இதயத் துடிப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. ஒரு கிழமை கழித்து எல்லாரும் மருந்தில்லாமல் திரும்பப் பறந்தபோது, முதல் முறை அல்பிரசோலாம் எடுத்தவர்களுக்குத்தான் பீதி அதிகம் வந்தது. வெறும் குளிசை எடுத்தவர்களுக்குப் பயம் இறங்கியிருந்தது. தங்கச்சிக்கு ஒரு பேப்பர் இல்லை, மூன்று பாடம், ஒவ்வொன்றிலும் இரண்டு பகுதி. பிறகு பல்கலைக்கழகம், அங்கே ஒவ்வொரு அரையாண்டும் சோதனை. முதல் பேப்பரைக் குளிசையோடு தாண்டினால் மற்றதெல்லாம் அதைவிடக் கஷ்டமாகத்தான் வரும்.

இனி டொக்டர்மார் என்ன பார்ப்பார்கள் என்பதற்கு வருகிறேன். முதல் கேள்வி மருந்து எது என்பதல்ல, இந்த நடுக்கமும் படபடப்பும் எங்கிருந்து வருகிறது என்பதுதான். என்னிடம் வந்த ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன், ஆள் அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். உங்கள் தங்கச்சி மாதிரியே உயிரியல் பிரிவு, இரண்டாம் தரம். அம்மாதான் கூட்டி வந்தார், "நரம்புத் தளர்ச்சிக்கு ஏதாவது எழுதுங்கோ டொக்டர்" என்று. இருந்த இடத்திலேயே நாடி நிமிடத்துக்கு 104. கையை நீட்டச் சொல்லி விரல்களின் மேல் ஒரு கடதாசியை வைத்தேன், கடதாசியின் ஓரம் படபடவென்று அடித்தது. சோதனை மண்டபத்தில் மட்டும் இல்லை, வீட்டில் சும்மா இருக்கும்போதும் இப்படித்தான் என்று அவளே சொன்னாள். சோதனைப் பயம் என்றால் சோதனையோடு வந்து சோதனையோடு போகும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சும்மா இருக்கும்போது கை நடுங்காது. அதனால் தைரொயிட் சோதனையும் குருதிச் சோதனையும் எழுதிக் கொடுத்தேன். இரண்டும் சரியாக வந்தன. "வேறு என்ன மருந்து எடுக்கிறாய்" என்று திரும்பவும் கேட்டேன், முதலில் "ஒன்றுமில்லை" என்றவள் பைக்குள்ளிருந்து ஒரு கடதாசிப் பொட்டலம் எடுத்துக் காட்டினாள். சின்ன வயதிலிருந்தே தொய்வு. அதற்கு எப்போதோ எழுதிக் கொடுத்த சல்பியூட்டமோல் குளிசையை மருந்துக் கடையில் வாங்கி நாளுக்கு மூன்று தரம் போட்டு வந்திருக்கிறாள். படிப்புக்காக விழித்திருக்கிற நாட்களில் தேத்தண்ணி ஐந்தாறு கோப்பை வேறு.

சல்பியூட்டமோல் சுவாசக் குழாயை விரிக்கிற அதே வேலையின் பக்க விளைவாகக் கையை நடுங்க வைக்கும், நெஞ்சை வேகமாக அடிக்க வைக்கும். குளிசையாக எடுத்தால் இன்ஹேலரை விடக் கூடுதலாக. நெஞ்சு அடிப்பதை உணர்ந்ததும் அவள் "பயம் வந்துவிட்டது" என்று நினைப்பாள், அந்த நினைப்பே உண்மையான பயத்தை மேலே ஏற்றிவிடும். டயசிபாம் கொடுத்திருந்தால் மருந்து உண்டாக்கிய நடுக்கத்துக்கு மேல் இன்னொரு மருந்தின் மந்தம் சேர்ந்திருக்கும். இதைவிட மோசமான இன்னொன்றும் நடந்திருக்கலாம், அதைக் கீழே சொல்கிறேன். அவளுக்கு ஸ்டெரொயிட் இன்ஹேலர் ஒன்றை ஒழுங்காக எடுக்கப் பழக்கி, சல்பியூட்டமோலைத் தேவைப்பட்டால் மட்டும் இன்ஹேலராக எடுக்கிற மாதிரி மாற்றினோம், பின்னேரத்துக்குப் பிறகு தேத்தண்ணி நிறுத்தினோம். அடுத்த முறை வந்தபோது நாடி 84, நடுக்கம் பெரும்பாலும் போயிருந்தது. மிஞ்சியது அசல் சோதனைப் பயம். அது குளிசை தேவைப்படாத அளவு.

உடம்பு நடுங்குவதுதான் உண்மையான தொந்தரவு, வேறு காரணம் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு டொக்டர்மார் யோசிக்கிற மருந்து புரொபிரனோலோல். அட்ரினலின் இதயத்திலும் தசையிலும் போய் ஒட்டுகிற இடத்தை அது அடைத்துவிடும், அதனால் படபடப்பும் கை நடுக்கமும் குறையும். டயசிபாம் மாதிரி மயக்கத்தால் பயத்தை அமர்த்துகிற மருந்து இது இல்லை. இந்த வகையைச் சேர்ந்த ஒக்ஸ்பிரெனோலோலை வயலின் போன்ற தந்தி வாத்தியக்காரர்களுக்குக் கொடுத்து, நடுக்கம் குறைந்து வாசிப்பு நன்றாக வந்ததாக 1977இல் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வந்தது. அதன் பிறகுதான் மேடைப் பயத்துக்கு இந்த வகை மருந்து பிரபலமானது. வழக்கமாக 10 முதல் 40 மி.கி. வரை, நிகழ்வுக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்துக்கு முதல், ஒரு தரம். நாலைந்து மணித்தியாலத்தில் பெரும்பாலும் இறங்கிவிடும். ஆனால் "எல்லாம் மறந்துபோகுமோ" என்று மனதுக்குள் ஓடுகிற யோசனையை அது நிறுத்தாது. கை நடுங்குவதைப் பார்த்துப் பயம் கூடுகிறவருக்கு உதவும், கை நடுங்காமலே மனம் சுழல்கிறவருக்கு அவ்வளவாக உதவாது.

மேலே சொன்ன பிள்ளைக்கு நடந்திருக்கக்கூடிய மோசமானது இதுதான். தொய்வு உள்ளவருக்குப் புரொபிரனோலோல் கொடுக்கவே கூடாது. சுவாசக் குழாய் இறுகி, இன்ஹேலரும் வேலை செய்யாமல் போகும், உயிராபத்து. "சிநேகிதிக்கு எழுதிக் கொடுத்தது, எனக்கும் இரண்டு தந்தாள்" என்பது எங்கள் ஊரில் சாதாரணமாக நடப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். நாடி இயல்பாகவே மெதுவாக இருப்பவர்கள், பிரஷர் குறைவானவர்கள், இதயத்தில் சில வருத்தங்கள் உள்ளவர்கள், இன்சுலின் போடுகிறவர்கள் எல்லாரும் டொக்டர் பார்க்காமல் தொடக்கூடாது. இன்சுலின்காரருக்குச் சீனி இறங்கும்போது வருகிற படபடப்பை இந்த மருந்து மறைத்துவிடும். கூடுதலாக எடுத்தால் இதயத்தை நிறுத்திவிடக்கூடிய மருந்து இது, ஆகவே மனம் உடைந்திருக்கிற பிள்ளை உள்ள வீட்டில் ஒரு பெட்டி முழுக்க வைத்திருக்கவே கூடாது. எழுதிக் கொடுத்தாலும் முதல் குளிசையைச் சோதனையன்று போடுவதில்லை. வீட்டில் ஒரு சனிக்கிழமை போட்டு, இரண்டு மணித்தியாலம் ஒரு பழைய பேப்பர் செய்து, தலை சுற்றுகிறதா, கை கால் குளிர்கிறதா, சோர்வு வருகிறதா என்று பார்த்த பிறகுதான்.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்த அளவுக்கும் போகத் தேவையில்லை. உண்மையாக வேலை செய்வது, சோதனை மாதிரியான பயத்தை முன்கூட்டியே பல தரம் அனுபவிப்பது. படுக்கையில் சாய்ந்தபடி, தேத்தண்ணியோடு, கேள்விக்கு நடுவில் போனைப் பார்த்துப் பழைய பேப்பர் செய்வது இந்தக் கணக்கில் சேராது. சோதனை தொடங்குகிற அதே நேரத்துக்கு, தெரியாத ஒரு இடத்தில், ரியூசன் கொட்டிலிலோ வாசிகசாலையிலோ, கடிகாரம் முன்னால், ஒருவர் மேற்பார்வையாளராக நடந்து திரிய, இரண்டு மணித்தியாலம் எழும்பாமல் 50 கேள்வி. முதல் தரம் கை நடுங்கும், நடுங்கட்டும், நிறுத்தக்கூடாது. கிழமைக்கு இரண்டு தரம் இப்படி எழுதினால் அந்த நடுக்கம் எத்தனையாவது நிமிடத்தில் இறங்குகிறது என்று பிள்ளையே கண்டுபிடிக்கும், அது முன்னுக்கு முன்னுக்கு வருவதையும் காணும்.

தலை வெறுமையாகிற அந்தக் கணத்துக்கு ஒரு வேலையை முன்பே பழக்கி வைக்க வேண்டும். பேனையைக் கீழே வைத்து, நாலு எண்ணி மூச்சை உள்ளே இழுத்து, ஆறு எண்ணி மெதுவாக விட வேண்டும். இப்படிப் பத்துத் தரம், மொத்தம் நூறு விநாடி. ஒரு கேள்விக்குரிய நேரத்தைவிடக் குறைவு, நேரம் போய்விடும் என்ற பயம் தேவையில்லை. மூச்சை விடுகிற நேரம் நீளும்போது இதயத் துடிப்பு இறங்கும். பிறகு விட்ட கேள்விக்குத் திரும்பிப் போகாமல், நிச்சயமாகத் தெரிந்த ஒரு கேள்வியைத் தேடிச் செய்ய வேண்டும். சோதனைக்கு முன் பத்து நிமிடம் தன் பயத்தை ஒரு தாளில் எழுதுவதைப் பற்றி 2011இல் சயன்ஸ் இதழில் ஒரு ஆய்வு வந்தது, உயிரியல் இறுதிப் பரீட்சை எழுதிய பாடசாலைப் பிள்ளைகளில் பயந்த பிள்ளைகளுக்குப் புள்ளி கூடியிருந்தது. அதன் ஆய்வுகூடப் பகுதியைப் பிறகு திரும்பச் செய்தவர்களுக்கு அதே முடிவு கிடைக்கவில்லை, ஆனால் தாளும் பேனையும்தான் செலவு, பிடித்தால் செய்து பார்க்கட்டும்.

சோதனை இல்லாத நாட்களிலும் பல மாதமாகக் கவலை, நித்திரையின்மை, காரணமில்லாமல் திடீரென்று வருகிற பீதி, ஆட்களோடு கதைக்கவே பயம் என்றெல்லாம் இருந்தால் அது வேறு. அங்கே உளவளத்துணையும், தேவைப்பட்டால் செர்ட்ராலின், புளுவொக்சடீன் மாதிரியான மருந்தும் யோசிப்பார்கள். இவை குணம் தெரிய நாலு முதல் ஆறு கிழமை எடுக்கும், முதல் இரண்டு கிழமையில் பதட்டம் இன்னும் கூடவும் வாய்ப்பு உண்டு. இளம் வயதினரிடம் அந்த நாட்களில் தற்கொலை எண்ணம் வருகிறதா என்றும் கவனமாகப் பார்க்க வேண்டும். அதனால்தான் சோதனைக்குப் பத்து நாள் இருக்கும்போது வந்து கேட்டால் புதிதாகத் தொடங்க டொக்டர்மார் தயங்குவார்கள். இப்போதே, இன்னும் நேரம் இருக்கும்போதே போங்கள்.

உங்கள் இன்டர்வியூவுக்கு வருகிறேன். டயசிபாம் போட்டுக்கொண்டு போனால் முகம் தட்டையாக இருக்கும், பதில் ஒரு விநாடி பிந்தி வரும். எதிரே இருக்கிற மூன்று பேர் அதை மருந்து என்று நினைக்கமாட்டார்கள், ஆர்வமில்லை என்றுதான் நினைப்பார்கள். இன்டர்வியூப் பதட்டம் பொதுவாகக் கதவுக்கு வெளியே காத்திருக்கும்போதும் முதல் சில நிமிடங்களிலும்தான் உச்சம், பிறகு தானாக இறங்கும். ஆகவே முதல் இரண்டு கேள்விகளுக்குத்தான் உங்களுக்கு வேலை: "உங்களைப் பற்றிச் சொல்லுங்கோ", "ஏன் வங்கி வேலை". இந்த இரண்டையும் வீட்டாட்கள் அல்லாத, உங்களோடு அவ்வளவு பழக்கமில்லாத மூன்று பேருக்கு முன்னால், கதிரையில் நேராக இருந்து, சத்தமாக, நாலைந்து தரம் சொல்லிப் பழகுங்கள். பாடமாக்காதீர்கள், பாடமாக்கினால் ஒரு சொல் விட்டுப்போனதும் முழுவதும் நின்றுவிடும்.

டொக்டரிடம் போகும்போது தங்கச்சி எடுக்கிற எல்லா மருந்தையும், ஆயுர்வேதம், சத்துக் குளிசை, எனர்ஜி டிரிங்க் உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். தொய்வு இருந்ததா என்று அம்மாவிடம் முதலே கேளுங்கள், சின்ன வயதில் "முட்டு" என்று சொன்னதும் அதுதான். "இருந்தென்ன பிரயோசனம்" என்ற மாதிரி அவள் ஒரு சொல் சொன்னாலும் கிழமைக் கடைசி வரை பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். 1926 என்ற தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கத்துக்கும் எடுக்கலாம். அம்மம்மாவின் குளிசைப் பெட்டியை எண்ணி அவருடைய அலுமாரியில் பூட்டி வையுங்கள். ஆனால் அவர் பல மாதமாகத் தினமும் போடுகிறவர் என்றால், இதை வாசித்துவிட்டு அவருடைய குளிசையைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். சடாரென்று விட்டால் நடுக்கம், நித்திரையின்மை, சிலருக்கு வலிப்புக்கூட வரும். குறைப்பதானால் கிளினிக்கில் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான்.